மூன்று மெகாஓம் போதுமா?

கட்டுமானத் தளத்தில் ஒரு புதிய கேபிளுக்கு முதன்முதலாக மின்சாரம் கொடுப்பதைச் 'சார்ஜ் பண்ணுவது' என்பார்கள். "சார், சார்ஜ் பண்ணிடலாமா?" என்று எலெக்ட்ரீஷியன் கேட்கும்போது, பெரும்பாலும் அங்கே நிற்பவர் வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடமே ஆன சைட் இன்ஜினியராக இருப்பார். கையில் ஒரு பரிசோதனைப் படிவம். அதில் பத்துக் கட்டங்கள். பத்தையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் சுவிட்சைப் போடலாம். அந்தப் பத்து எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவே மாட்டா என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் கையெழுத்தை நம்பிக் குடிபோகிறவர்களுக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தால் கெடுதல் இல்லை.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரில் ஒரு அடுக்ககம். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் இருக்கும் மெயின் பேனலிலிருந்து ஒரு பிளாக்கின் பேனலுக்கு 150 மீட்டர் நீளத்தில் ஒரு கேபிள் போகிறது. 185 சதுர மில்லிமீட்டர் அலுமினியம், மூன்றரை கோர், ஆர்மர் போட்டது. மூன்றரை கோர் என்றால் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று முழு கோர்கள், அவற்றைவிடச் சின்னதாகக் கறுப்பு நியூட்ரல் ஒன்று. இந்த அளவுக் கேபிளில் நியூட்ரல் 95 சதுர மில்லிமீட்டர். நான்கையும் சுற்றி இரும்புக் கம்பி அல்லது பட்டையால் ஆன கவசம்தான் ஆர்மர். மாதம் கார்த்திகை, முந்தின இரவு முழுக்க மழை.

இந்தக் கேபிளில் செய்ய வேண்டியது மின்காப்புத் தடைச் சோதனை. தளத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'மெகர் போடுவது' என்பார்கள். மெகர் என்பது 1903-இல் பதிவான ஒரு வணிகப் பெயர். கையால் சுற்றும் பெட்டியாக வந்து, இன்று பேட்டரிக் கருவியாகிவிட்டாலும் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கருவி செய்வது எளிமையான காரியம். ஒரு கோருக்கும் எர்த்துக்கும் நடுவே அதிக நேர்மின் அழுத்தம் கொடுத்து, காப்பைத் தாண்டி எவ்வளவு மின்னோட்டம் கசிகிறது என்று பார்த்து, அதைத் தடையாக மாற்றிக் காட்டுகிறது. பத்து லட்சம் ஓம் ஒரு மெகாஓம். எண் பெரிதாக இருந்தால் கசிவு குறைவு.

வீடுகளுக்கு வரும் மின்னழுத்த அளவில், 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கும்போது குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும் என்பதே பொதுவான விதி. பேனலில் எதுவும் சேராத, தனியாக நிற்கும் 1.1 கிலோவோல்ட் தரக் கேபிளுக்குத் தளங்களில் 1000 வோல்ட் மெகர் போடுவது வழக்கம். நம் கேபிளில் நான்கு கோர்களையும் எர்த்துக்கு எதிராகப் பார்த்தபோது சிவப்பு 900 காட்டியது, மஞ்சள் 850, நியூட்ரல் 800. நீலம் மட்டும் 3.

"பாஸ் சார். ஒண்ணுக்கு மேல இருக்குல்ல?" என்கிறார் எலெக்ட்ரீஷியன். விதிப்படி அவர் சொல்வது சரி. கணக்குப் போட்டாலும் பயப்பட எதுவும் இருப்பதாகத் தெரியாது. 1000 வோல்ட்டை 3 மெகாஓமால் வகுத்தால் மில்லிஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான் கசிகிறது. கேபிள் வேலைக்கு வந்தபின் இருக்கும் 230 வோல்ட்டில் அதைவிடக் குறைவு. எந்த பிரேக்கரும் இதற்கு விழாது.

இன்ஜினியர் தெரிந்தவராக இருந்தால், "அண்ணே, மத்த மூணும் எண்ணூறுக்கு மேல நிக்குது. இது மட்டும் ஏன் மூணு?" என்று கேட்பார். ஒரே டிரம்மிலிருந்து வந்து, ஒரே பள்ளத்தில் கிடந்து, ஒரே மழையில் நனைந்த நான்கு கோர்கள். அவற்றில் ஒன்று மற்றவற்றைவிட முந்நூறு மடங்கு குறைவாகக் காட்டினால், அந்த இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது. 1 மெகாஓம் என்ற விதி, அதற்குக் கீழே போனால் கட்டாயம் நிராகரிக்க வேண்டிய அடிமட்டம். நாற்பது வருடப் பழைய வயரிங்குக்கும் பொருந்த வேண்டும் என்பதால் அவ்வளவு தாழ்வாக வைத்திருக்கிறார்கள். புதிய கேபிளுக்கு அளவுகோல் பக்கத்துக் கோர்தான். படிவத்தில் அந்த ஒப்பீட்டுக்கு ஒரு கட்டம் கிடையாது; அது என் நெடுநாள் வருத்தம்.

ஒப்பிடுவதற்கு முன் எண்கள் ஒப்பிடத் தகுந்தவையா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நீளம் கூடினால் மின்காப்புத் தடை குறையும், ஏனென்றால் கசிவதற்கு இடம் அதிகம். 150 மீட்டரில் 870 மெகாஓம் காட்டும் அதே தரக் கேபிள் 1 கிலோமீட்டர் இருந்தால் 130 போலத்தான் காட்டும், அது பழுதில்லை. வெப்பம் ஏறினாலும் எண் இறங்கும். பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறையப் பாதியாகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. பொருளுக்குப் பொருள் இது மாறும். ஆகவே காலையில் எடுத்த சிவப்பையும் உச்சி வெயிலில் எடுத்த நீலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. நேரமும் முக்கியம். கேபிள் தன்னளவில் ஒரு மின்தேக்கி என்பதால், பட்டனை அழுத்தியதும் அது மின்னூட்டத்தை வாங்கிக்கொள்ளும். அப்போது எண் தாழ்வாக இருந்து மெல்ல ஏறும். ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, அப்போதைய எண்ணைத்தான் எழுத வேண்டும். ஒரு கோரைப் பத்து விநாடியிலும் அடுத்ததை ஒரு நிமிடத்திலும் படித்தவர்கள் இல்லாத பழுதைத் தேடி அலைந்ததுண்டு.

இன்னொன்றும் புதியவர்களை அலையவிடும். இரண்டு முனைகளிலும் கேபிளைப் பேனலிலிருந்து கழற்றாமல் மெகர் போடுவது. நியூட்ரல் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் எர்த்தோடு சேர்ந்திருக்கும். கழற்றாமல் பார்த்தால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சுழி காட்டத்தான் செய்யும். பேனலுக்குள் இருக்கும் இடிதாங்கிக் கருவி, மின்னணு மீட்டர் போன்றவையும் எண்ணைக் கீழே இழுக்கும். 1000 வோல்ட் பட்டு அவையே கெட்டும் போகலாம்.

நம் கேபிள் இரு முனையிலும் கழற்றித்தான் இருக்கிறது. கோர்களுக்கு நடுவே பார்த்த எண்கள் எல்லாம் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவேகூட அப்படித்தான். ஆக, நீலத்திலிருந்து ஆர்மருக்கு, அதாவது எர்த்துக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. எங்கே? 150 மீட்டர் நடுவிலா, இரு முனைகளில் ஒன்றிலா? பள்ளம் தோண்டும்போது கடப்பாரை பட்டிருக்கலாம் என்று உடனே மண்ணைத் தோண்டக் கிளம்புவார்கள். பொறுங்கள். மழைக்காலத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை முனைகள். அங்கேதான் உறை உரிக்கப்பட்டு, காப்பு வெளியே தெரிந்து, மனிதக் கை பட்டிருக்கிறது.

முதலில் பக்கத்து முனை. சுத்தமான உலர்ந்த துணியால் கோர்களைத் துடைத்து, ஹாட் ஏர் பிளோயரால் மிதமாகக் காயவைத்துப் பார்த்தால் அதே 3. இங்கே ஒரு நல்ல உத்தி உண்டு, படிப்பில் சொல்லிக்கொடுத்தாலும் தளத்தில் யாரும் பயன்படுத்துவதில்லை. மெகரில் இரண்டு முனைகளுக்குப் பக்கத்தில் கார்டு என்ற மூன்றாவது முனை இருக்கும். நீலக் கோரின் காப்பு மேல், லக்குக்கும் உறை உரித்த இடத்துக்கும் நடுவே, வெறும் செப்புக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி அந்த முனையில் இணைக்க வேண்டும். ஈரமும் தூசியும் படிந்த மேற்பரப்பு வழியே ஓடும் கசிவை அந்தக் கம்பி பிடித்து, கணக்கில் சேராமல் திருப்பி அனுப்பிவிடும். எண் சட்டென்று ஏறினால் அந்த முனையின் மேற்பரப்பு அழுக்கு என்று பொருள். ஏறவில்லை என்றால் கசிவு வேறெங்கோ இருக்கிறது. நம் கேபிளில் ஏறவில்லை.

அடுத்து பிளாக் பக்கத்து முனை. அங்கே காயவைத்ததும் நீலம் 3-லிருந்து 40-க்கு வந்தது. முனை தெரிந்துவிட்டது. பலர் இந்த இடத்தில் "காய்ஞ்சிடுச்சு, சரியாயிடுச்சு" என்று மூடிவிடுவார்கள். 40 இன்னும் 850 ஆகவில்லை. கேபிள் பேனலுக்குள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாண்டைக் கழற்றிப் பார்த்தால் காரணம் கண்ணில் படுகிறது. உள்ளுறையைக் கத்தியால் வட்டமாக அறுத்து எடுத்தபோது கத்தி ஆழமாக இறங்கி நீலக் கோரின் காப்பையும் கீறியிருக்கிறது. அந்தக் காப்பின் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டியதுதான். கீறல் நகத்தால் தடவினால் தெரியும் அளவு, அதைத் தொட்டாற்போல ஆர்மர் கம்பி, நடுவில் மழையின் ஈரம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சித்திரை மாதத்தில் இதே சோதனையைச் செய்திருந்தால் நீலமும் 850 காட்டியிருக்கக் கூடும். உலர்ந்த காற்று ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்கு ஏறக்குறைய 3000 வோல்ட் தாங்கும். கீறலுக்கும் ஆர்மருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் காற்று இருந்தால் மெகரின் 1000 வோல்ட் அதைத் தாண்டாது. எண் அழகாக வரும், கையெழுத்தும் விழும். ஐப்பசியில் ஈரம் ஏறும், மெல்லிய கசிவு ஓடும், காப்பின் மேல் கரித்தடம் விழும், அந்தத் தடம் இன்னும் நன்றாக மின்சாரத்தைக் கடத்தும், ஒரு நாள் எர்த் ஃபால்ட்டில் முழு பிளாக்கும் இருட்டாகும். அதனால்தான் ஜாயின்டர் உறையை உரிக்கும்போதே இன்ஜினியர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்கிறேன். கிளாண்ட் இறுக்கிய பிறகு வந்து மெகரை நீட்டினால், பார்க்க வேண்டியதெல்லாம் உள்ளே மறைந்திருக்கும்.

நம் கேபிளில் அந்த முனையை வெட்டி, புதிதாக உரித்து, மறுபடி கிளாண்ட் போட்டு லக் அடித்தார்கள். நீலம் 870. இதற்குக் கொஞ்சம் உபரி நீளம் வேண்டும். கேபிளை இழுக்கும்போதே இரு முனையிலும் ஒரு வளையம் விட்டுவைப்பது இதற்காகத்தான்.

லக் என்றேனே, மெகரால் பார்க்கவே முடியாத பாதி அங்கேதான் இருக்கிறது. லக் என்பது கோரின் அலுமினிய இழைகளை நுழைத்து அழுத்தி, போல்ட் போட்டு பஸ்பாரில் மாட்டும் குழாய் முனை. மெகர் லட்சக்கணக்கான ஓம்களை அளக்கும் கருவி. லக்கின் பிடியோ ஓமின் லட்சத்தில் சில பங்கு என்ற அளவில் இருக்க வேண்டியது. பிடி தளர்ந்து அது ஆயிரத்தில் ஒரு பங்கு ஓம் ஆனால்கூட மெகருக்கோ சாதாரண மல்டிமீட்டருக்கோ எதுவும் தெரியாது. ஆனால் அந்த லக் வழியே 250 ஆம்பியர் போகிறது என்று வையுங்கள். 250-ஐ 250-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 62.5 வாட். ஒரு நல்ல சால்டரிங் அயர்ன் தரும் வெப்பம் அது. மூடிய பேனலுக்குள், பிளாஸ்டிக் காப்புக்குப் பக்கத்தில், இரவு பகலாக.

இன்னும் விபரீதம், கோர் லக்கில் சேரவே இல்லை என்றாலும் மெகர் நல்ல எண்ணைத்தான் காட்டும். எதையும் தொடாத கம்பிக்குக் காப்புத் தடை பிரமாதமாக இருக்கும் அல்லவா? ஆகவே கோர் முழுமையாக இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு முனையில் நான்கு கோர்களின் லக்குகளையும் ஒன்றாக இணைத்துவிட்டு, மறுமுனையில் இரண்டிரண்டாகத் தடை அளக்க வேண்டும். நம் கேபிளில் சிவப்பு போய் மஞ்சள் வர 300 மீட்டர். 185 சதுர மில்லிமீட்டர் அலுமினியத்தின் தடை ஒரு கிலோமீட்டருக்கு 0.164 ஓம், ஆகவே 0.05 ஓமை ஒட்டி வர வேண்டும். மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நியூட்ரல் சேர்ந்த ஜோடி, அது சிறிய கோர் என்பதால், 0.07-ஐ ஒட்டி வரும். இவ்வளவு சின்ன எண்ணை அளக்க நான்கு கம்பி வைத்த குறைதடை மீட்டர் வேண்டும். தளத்தில் அது இல்லை என்பார்கள். ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்கலாம்.

நியூட்ரலைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. மூன்று பேஸில் ஒன்றின் லக் விட்டால் சில வீடுகளில் மின்சாரம் போகும், யாராவது புகார் செய்வார்கள், சரிசெய்வார்கள். நியூட்ரல் விட்டால் மின்சாரம் போகாது. 230 வோல்ட் வர வேண்டிய வீடுகள், எந்த பேஸில் எவ்வளவு சுமை என்பதைப் பொறுத்து, 400 வோல்ட்டை ஆளுக்கு ஒரு பங்காகப் பிரித்துக்கொள்ளும். சுமை குறைவாக இருக்கும் வீட்டுக்கு 300-க்கு மேல் போகும். ஃபிரிட்ஜ், டிவி, ஏசி ஒரே நேரத்தில் பல வீடுகளில் எரிந்தால் பெரும்பாலும் கதை இதுதான். எண்ணிக்கையில் அரை என்பதாலோ என்னவோ, ஜாயின்டர்கள் நியூட்ரலைக் கடைசியாக, களைத்துப்போன கையால் போடுகிறார்கள்.

லக்கைக் கண்ணால் பார்த்தே நிறையச் சொல்லலாம். குழாய்க்குள் இழைகள் அடிவரை போயிருக்க வேண்டும். காப்பு குழாயின் வாய்வரை வந்து நிற்க வேண்டும், உள்ளே போகக் கூடாது. லக்கில் பொறித்த அளவும் கேபிளின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 150 லக்கில் 185 கோரை நுழைக்க வெளிச்சுற்று இழைகளை வெட்டி எறிவது நடக்கிறது. வெட்டிய இழைகள் தரையில் கிடக்கின்றனவா என்று பார்ப்பது என் பழக்கம். அலுமினியம் காற்று பட்டதும் மெல்லிய ஆக்சைடு தோல் போர்த்திக்கொள்ளும், அது மின்சாரத்தைக் கடத்தாது. எனவே கம்பி பிரஷால் தேய்த்து, உடனே அதற்கான பசையைத் தடவி, ஹைட்ராலிக் கருவியில் சரியான டை போட்டு அழுத்த வேண்டும். சுத்தியலால் தட்டிய லக்கைத் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம். அலுமினிய லக் செப்புப் பஸ்பாரில் நேரடியாக உட்கார்ந்தால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். ஈயம் பூசிய பஸ்பாரோ, இரு உலோக வாஷரோ நடுவில் வேண்டும். போல்ட்டை டார்க் ரென்ச்சால், பேனல் தயாரித்தவர் சொன்ன அளவுக்கு இறுக்கி, நட்டின் குறுக்கே பெயின்ட் கோடு ஒன்று இழுத்துவிட வேண்டும். பிறகு எப்போது பார்த்தாலும் கோடு விலகியிருந்தால் நட்டு சுழன்றிருக்கிறது என்று தெரியும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. மெகரை மாட்டும் முன் கேபிளில் மின்சாரம் இல்லை என்பதை, வேலை செய்கிறது என்று அப்போதே சரிபார்த்த டெஸ்டரால் உறுதி செய்யுங்கள். நீங்கள் பட்டனை அழுத்தும்போது 150 மீட்டருக்கு அப்பால் இருக்கும் வெறும் லக்கில் 1000 வோல்ட் நிற்கிறது. அங்கே போனோடு ஒருவர் காவல் இருக்க வேண்டும். சோதனை முடிந்ததும் கேபிளில் தங்கிய மின்னூட்டத்தை எர்த்துக்கு இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். இந்தக் கேபிளில் அது ஏணியிலிருந்து தள்ளிவிடும் அளவு. நீளமான உயரழுத்தக் கேபிளில் ஆளையே கொல்லும்.

முனைகளைப் பேனலில் மாட்டியபின் அவசரம் கூடிவிடுகிறது. அந்த நேரத்தில்தான் மஞ்சளும் நீலமும் இடம் மாறுகின்றன. இருமுனையிலும் ஒரே கோர் ஒரே நிறத்தில்தான் இருக்கிறதா என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டே மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் லிஃப்டும் பம்பும் எதிர்ப்பக்கம் சுற்றும். மின்சாரம் கொடுத்துச் சுமை ஏறிய பிறகு, முதல் சில நாட்களுக்குள் லக்குகளை ஒருமுறை தெர்மல் கேமராவால் பார்த்தால், மெகர் விட்ட குறையை அது காட்டிக்கொடுக்கும். ஒரே மாதிரிச் சுமையில் மூன்றில் ஒரு லக் மட்டும் சூடாக இருந்தால், மறுபடி பக்கத்துக் கோர் விதிதான்.

புதிய அடுக்ககத்தில் குடியேறுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சங்கத்துக்குச் சாவியை ஒப்படைக்கும்போது கேபிள் பரிசோதனை அறிக்கைகளையும் கேட்டு வாங்குங்கள். அதில் தேதி, வெயிலா மழையா, எந்த மெகர், எத்தனை வோல்ட், ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி எண், லக்குகளை டார்க் ரென்ச்சால் இறுக்கிய குறிப்பு ஆகியவை இருக்க வேண்டும். எல்லாக் கட்டங்களிலும் வரிசையாக 500, 500, 500 என்று எழுதியிருந்தால், அந்த அறிக்கை மேஜையில் உட்கார்ந்து எழுதியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மறுபடி உங்கள் முன்னால் மெகர் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.